நாலாம் மாடி காலியா?

அறிவிப்பு வந்த நிமிஷத்திலிருந்து நாலாம் மாடியில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவு அது. இடிந்த சுவர், மோதிய கார், வெள்ளத்தில் போன கடை என்று ஊராரின் துன்பத்தையெல்லாம் நாள் முழுக்கச் சந்தேகக் கண்ணோடு படித்துப் பழகியவர்கள். ஒரு அறிவிப்பை மட்டும் அப்படியே நம்பிவிடுவார்களா?

மாடிப் பொறுப்பாளராக இருந்தவளை எல்லோரும் 'வார்டனம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பொறுப்பு தலையில் விழுந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். "ராத்திரி எத்தனை மணிக்கு ஹாஸ்டல் கேட்டு சாத்துவீங்க?" என்று யாராவது கேட்பார்கள், அவளும் சிரித்துவைப்பாள். அன்று காலை யாரும் கிண்டல் செய்யவில்லை. எழுந்து நின்று, வந்த அறிவிப்பைச் சத்தமாகப் படி என்றார்கள். படித்தாள்.

"வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையே, கட்டடத்தை விட்டு அவசரமாக வெளியேறும் ஒத்திகை நடைபெறும். அபாய மணி ஒலித்ததும் அனைவரும் வேலையை நிறுத்திவிட்டு முன்படிக்கட்டு வழியாக வெளியேற வேண்டும். லிப்டைப் பயன்படுத்தக் கூடாது. கைப்பை, மடிக்கணினி முதலிய பொருள்களை எடுத்துச் செல்லக் கூடாது. கூடும் இடம்: பக்கத்துச் சந்துக்கு அப்பாலுள்ள விளையாட்டு மைதானம். முன்வாசல் வண்டி நிறுத்துமிடம் இனி கூடும் இடமாக இராது. மாடிப் பொறுப்பாளர்கள் தத்தம் மாடியைச் சோதித்து, அனைவரும் வெளியேறிவிட்டதை மைதானத்தில் தலைமைப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். வண்ணப்பூச்சு வேலை காரணமாக அன்று பின்படிக்கட்டு பயன்பாட்டில் இராது. மறு அறிவிப்பு வரும்வரை யாரும் கட்டடத்துக்குள் திரும்பக் கூடாது."

படித்து முடித்ததும் ஜன்னலோர மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி."

அது அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. அவளுக்கு முன்பே இந்த அலுவலகத்தில் சேர்ந்தவர், இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லி அவளைக் கூட்டிவந்தவரும் அவர்தான். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே ஆளிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று வார்டனம்மா கணவனிடம் அலுத்துக்கொள்வது உண்டு.

"மறு அறிவிப்பு வரும்வரை யாரும் திரும்பக் கூடாது, அண்ணி."

"திரும்பக் கூடாதாம்!" நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பை எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டர் எடுக்கக் கூடாது, கேட்டுக்கு வெளிய போய் நிக்கணும். இது ஒத்திகையா? நம்மளைக் கூட்டித் தள்ளுறதுக்கு விளக்குமாறு எடுத்துட்டாங்கடீ."

எல்லோர் மனதிலும் இருந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். வேறொரு ஊரில் இதே நிறுவனத்தின் கிளை ஒன்று இருந்தது. அங்கே இப்படித்தான் ஒத்திகை என்று சொல்லி எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பினார்களாம், திரும்பி வந்து வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தால் பாதிப் பேருக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததாம். கண்ணால் பார்த்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனால் அந்தக் கதை சாப்பாட்டு மேசையில் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சதை போட்டிருந்தது. போதாக்குறைக்கு, ஆள் குறைப்பு வரும் என்று ஆறேழு மாதமாகவே காற்றுவாக்கில் ஒரு பேச்சு.

"அப்படியெல்லாம் இருக்காது அண்ணி" என்றாள் வார்டனம்மா. சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே நம்பிக்கை தரவில்லை.

மறுநாள் எல்லா மாடிப் பொறுப்பாளர்களையும் தரைத்தளக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார் பாதுகாப்பு அதிகாரி. ஒல்லியான மனிதர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் 'விசில்'தான். ஒத்திகை நாளில் தலைமைப் பொறுப்பாளரும் அவரே. நாற்காலியில் சாய்ந்து, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு நிர்வாக மேலாளரும் உட்கார்ந்திருந்தார்.

விசில் ஒவ்வொன்றாக விளக்கினார். மணி அடித்ததும் பொறுப்பாளர் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். துணைப் பொறுப்பாளர் முன்னால் நடந்து ஆட்களைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். பொறுப்பாளர் பின்னால் தங்கி கழிப்பறை, கூட்ட அறை, கோப்பறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கதவுகளைச் சாத்திக்கொண்டே வர வேண்டும். சாத்தினால் போதும், பூட்டக் கூடாது. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு துணையை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

"ஒருத்தர் வர மாட்டேன்னு அடம் பிடிச்சா?" என்று இரண்டாம் மாடிக்காரர் கேட்டார்.

"ஒரு தடவை தெளிவா சொல்லுங்க. இழுத்துப் பிடிக்காதீங்க, அங்கேயே நின்னு வாதாடாதீங்க. நீங்க இறங்கி வந்து எந்த இடத்துல யார் இருக்காங்கன்னு என்கிட்ட சொல்லுங்க. நிஜமாவே தீன்னா உள்ள போறது தீயணைப்புக்காரங்க வேலை. நீங்க திரும்பி மேல ஏறவே கூடாது. 'காலி'ன்னு நீங்க சொன்னா, அந்த மாடியை யாரும் தேட மாட்டாங்க. அதனால அந்த ஒரு வார்த்தையை மட்டும் யோசிச்சு சொல்லுங்க."

வார்டனம்மா கையைத் தூக்கினாள். நாத்தனார் ராத்திரி முழுக்க அவள் காதில் ஏற்றி அனுப்பிய கேள்விகள் வரிசையில் நின்றன.

"சார், நேரம் ஏன் இவ்வளவு நீளம்? பத்துல இருந்து பன்னிரண்டரை வரைக்கும்னா?"

"நேரத்தைச் சரியா சொல்லிட்டா எல்லாரும் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. தீ நேரம் சொல்லிட்டா வருது? ஆனா ஒண்ணுமே சொல்லாம விட்டா யாராவது பயந்து விழுந்துடுவாங்க. அதனால நாள் தெரியும், நிமிஷம் தெரியாது."

"மைதானத்துக்கு ஏன் மாத்தினீங்க?"

"முன்வாசல்ல நாலு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. சூட்டுல வெடிச்சா நம்ம தலையிலதான் கொட்டும். தீயணைப்பு வண்டி நிக்க வேண்டிய இடமும் அதுதான்."

"பையை எடுக்கக் கூடாதுன்னு..."

"பை தேடுற நேரத்துல பின்னாடி இருக்குறவங்க மூச்சு முட்டி நிப்பாங்கம்மா."

மூன்றும் மறுக்க முடியாத பதில்கள். அவளுக்கு லேசாக வெட்கமாகக்கூட இருந்தது. நாலாவதையும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தாள்.

"பின்படிக்கட்டுல பெயிண்ட் வேலைன்னு போட்டிருக்கு. எப்பவும் நாங்க பாதிப் பேர் அந்த வழியாத்தானே போகணும்? வேலையை வேற நாளைக்குத் தள்ளக்கூடாதா?"

விசில் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். நிர்வாக மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த வரி நான் போட்டது. ஆள் பிடிச்சாச்சு, அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஒரு வழியில போனா என்ன, கால் தேஞ்சிடுமா?" என்றார். விசில் அப்போதும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் கேள்வி முடியுமுன் பதில் சொன்ன மனிதர்.

அந்த மௌனம் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் யாரிடமும் சொல்லாமல் பின்படிக்கட்டில் இறங்கிப் பார்த்தாள். பெயிண்ட் வாசனை இல்லை, வாளி இல்லை, தரையில் ஒரு பழைய செய்தித்தாள்கூட விரித்திருக்கவில்லை. சுவர்கள் போன வருஷத்து அழுக்கோடு அப்படியே இருந்தன. ஒவ்வொரு மாடியிலும் கதவு மாடிப் பக்கமிருந்து மட்டும் திறக்கும், படிக்கட்டுப் பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியேறுகிறவர்கள் புகைக்குள் மறுபடி நுழைந்துவிடாமலிருக்க அப்படி ஒரு ஏற்பாடு என்று விசில் முன்பு எப்போதோ சொன்னது. அடியில் தெருப் பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. தள்ளினாள். திறந்தது. வெளியே நின்றிருந்த காவலர் சட்டென்று திரும்பினார்.

"என்ன மேடம் இந்தப் பக்கம்?"

"பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு சொன்னாங்களே, பார்க்க வந்தேன்."

"நாளைக்கு வருவாங்க" என்றவர், அவள் போகும்வரை அங்கிருந்து நகரவில்லை. அவர் இடுப்பில் சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக மேலே ஏறும்போது அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. எல்லோரையும் முன்பக்கமாக அனுப்பிவிடுகிறார்கள். பின்கதவு நன்றாகத் திறக்கிறது, வாசலில் ஆளும் நிற்கிறது. பெயிண்டே இல்லாத பெயிண்ட் வேலை. அப்படியானால் பின்பக்கம் யாருக்காக? எல்லோரும் மைதானத்தில் வெயில் காயும் நேரத்தில், கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போக வண்டி வரப்போகிறதோ?

அதை மனதிலேயே புதைத்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாத்தனார், "மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது வாயை அடக்க முடியவில்லை. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கத்துகிறவர் கத்தவில்லை.

"சரி. பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து நாலாம் மாடியில் ஒரு காகிதம் கீழே விழுந்தாலும் தலைகள் திரும்பின. சிலர் மேசையிலிருந்த குடும்பப் படங்களைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் தேநீர்க் கோப்பையைக்கூட விட மனமில்லாமல் மடியில் வைத்திருந்தார். துணைப் பொறுப்பாளர் நெட்டை என்கிற உயரமான எழுத்தர். அவர் வார்டனம்மாவின் மேசையருகே வந்து குனிந்து, "நீங்களும் ஏதாவது எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை" என்றாள். மேசையில் மடித்து வைத்திருந்த மேலங்கிக்குள் தன் மகளின் பள்ளிப் படம் இருந்தது.

பதினோரு மணி தாண்டி, தேநீர் வண்டி வந்துபோய், எல்லோரும் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து மணி அடித்தது. காதைப் பிளக்கும் சத்தம். நடுவே ஒலிபெருக்கியில் விசிலின் குரல்: "கவனியுங்கள். இது ஒத்திகை. அனைவரும் முன்படிக்கட்டு வழியாக வெளியேறவும்."

அவள் மேலங்கியை மாட்டினாள். நெட்டை கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போனார். ஆட்கள் எழுந்தார்கள், முனகினார்கள், போனார்கள். கால் முறிந்து கட்டுப்போட்டிருந்த தட்டச்சர் தன் துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் இறங்கும்வரை படிக்கட்டு முகப்பில் ஓரமாக நின்றார். அவள் கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்தாள். கூட்ட அறை காலி. சாத்தினாள்.

ஜன்னலோர மேசையில் நாத்தனாரின் கண்ணாடி கிடந்தது. கைபேசி மின்னேற்றியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் நாலு எட்டு வைக்கமாட்டாரே, முன்னால் போய்விட்டாரா?

கோப்பறைக் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு அணைத்திருந்தது. இரும்பு அலமாரிகளின் வரிசை.

"யாராவது இருக்கீங்களா?"

மணியின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, கடைசி அலமாரிக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்பை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி, வெளிய வாங்க."

அலமாரிக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது.

"அண்ணி, நீங்கதான்னு எனக்குத் தெரியும். எல்லாரும் போயாச்சு. முன்படிக்கட்டு வழியா இறங்கி வாங்க."

"நீ போ" என்றது இருட்டு. "எவன் வந்து கம்ப்யூட்டர்ல கைவைக்கிறான்னு என் கண்ணால பார்க்கிறேன். நான் வர மாட்டேன்."

இழுத்துக்கொண்டு வரலாமா என்று ஒரு கணம் கால் முன்னால் போனது. 'இழுத்துப் பிடிக்காதீங்க, நின்னு வாதாடாதீங்க' என்று விசில் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

படியிறங்கும் நேரமெல்லாம் அவளுக்குள் ஒரே இழுபறி. சொன்னால் நாத்தனார் மாட்டிக்கொள்வார். ஆள் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும், 'உத்தரவை மீறினார்' என்று ஒரு வரி போதாதா? சொல்லாவிட்டாலோ ஒன்றும் ஆகப்போவதில்லை. தீயா பிடித்திருக்கிறது? வெறும் ஒத்திகைதானே. ஒரு வார்த்தை. காலி.

சந்தில், நேற்றுப் பின்வாசலில் நின்ற காவலர் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தி வழிவிட்டுக்கொண்டிருந்தார். மைதானத்தில் மாடிவாரியாகக் கம்பு நட்டு எண் எழுதிய அட்டை மாட்டியிருந்தது. நாலாம் எண் அட்டைக்குக் கீழே நெட்டை ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு. உங்க நாத்தனாரைத் தவிர" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பேசாம காலின்னு சொல்லிடுங்க. எதுக்கு வீட்டுக்குள்ள வம்பு?"

நடுவில் விசில் நின்றிருந்தார். பக்கத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து பார்வையிட வந்திருந்த அதிகாரி. இன்னொரு பக்கம் நிர்வாக மேலாளர், கையில் பேனாவோடு. 

ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடிகள் வரிசையாக வந்து "காலி", "காலி" என்று சொல்லிவிட்டுப் போயின.

"நாலாம் மாடி? காலியா?" என்றார் விசில்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். 'காலின்னு சொன்னா யாரும் தேட மாட்டாங்க.' யாருமே தேடாத ஒரு மாடியில், இருட்டில், கண்ணாடிகூட இல்லாமல் நிற்கும் நாத்தனாரை நினைத்ததும் அந்த வார்த்தையை மாற்றிக்கொண்டாள்.

"காலி இல்லை சார். ஒருத்தர் உள்ள இருக்காங்க. கோப்பறையில, கடைசி அலமாரிகிட்ட. சொன்னேன், வரலை."

நிர்வாக மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார். "யாரது? பேரைச் சொல்லுங்க."

"அது அப்புறம்" என்றார் விசில், அவர் பக்கம் திரும்பாமலே. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த தேடும் குழுவில் இரண்டு பேரை முன்படிக்கட்டு வழியாக அனுப்பிவிட்டு வாக்கிடாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டார். நாலாம் மாடிக்காரர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சொந்த நாத்தனாரையே போட்டுக்கொடுத்தவள் என்று ஒவ்வொரு கண்ணும் சொன்னது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கோப்பறையில யாரும் இல்லை சார். மாடி முழுக்கப் பார்த்தாச்சு. யாருமே இல்லை."

"இருந்தாங்க சார்! என்கூடப் பேசினாங்க!"

"முன்படிக்கட்டுல எதிர்ல வந்தாங்களா?" என்று விசில் வாக்கிடாக்கியில் கேட்டார்.

"இல்லை சார்."

"அப்போ பின்படிக்கட்டு" என்றார் தீயணைப்பு அதிகாரி.

"சேச்சே, அங்க யாரும் போயிருக்க முடியாது" என்று நிர்வாக மேலாளர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது பூட்டி..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் வெளியே விழுந்த வார்த்தையைத் திரும்ப அள்ள முடியுமா?

"பூட்டியா?" விசில் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார். கூட்ட அறையில் தண்ணீர்க் குவளையைப் பார்த்த அதே கண்கள். அன்று அவள் அதில் கள்ளம் என்று நினைத்தது கள்ளமில்லை என்று அந்த நொடியில் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதரும் தன்னைப்போலவே சந்தேகத்தில் வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

விசில் ஓடினார். தீயணைப்பு அதிகாரி ஓடினார். அவளும் ஓடினாள், பின்னால் நிர்வாக மேலாளரும். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போகும் முன்பே சத்தம் கேட்டது. தடதடவென்று இரும்புக் கதவை யாரோ இரண்டு கையாலும் அறையும் சத்தம். இரட்டைக் கதவின் கைப்பிடிகளுக்கு நடுவே தடித்த சங்கிலி, அதில் ஒரு பூட்டு.

"அண்ணி!"

"யாருடீ அது? கதவைத் திறங்கடீ! மூச்சு முட்டுது!"

சாவி சந்தில் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்த காவலரின் இடுப்பில் இருந்தது. அவர் மூச்சிரைக்க வந்து, கொத்தில் சரியான சாவியைத் தேடி, இரண்டு முறை தவறாக நுழைத்து, ஒருவழியாகத் திறப்பதற்குள் அவளுக்கு ஒரு ஜென்மம் கழிந்தது. நிஜமாகவே தீயாக இருந்திருந்தால்?

நாத்தனார் வியர்வையில் குளித்து, முந்தானையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடி வெளியே வந்தார். கண்ணாடி இல்லாததால் எதிரில் நின்ற எல்லோரையும் ஒரே மாதிரி முறைத்தார்.

மணி அடித்த பரபரப்பில் கண்ணாடியை மேசைமேலேயே விட்டவர், கோப்பறைக் கதவை லேசாகத் திறந்து பார்த்திருக்கிறார். வண்டியும் வரவில்லை, கம்ப்யூட்டரைத் தூக்க ஆளும் வரவில்லை. மணி மட்டும் அலறிக்கொண்டே இருந்திருக்கிறது. யாருமில்லாத அந்தப் பெரிய கூடத்தில் தனியாக நிற்கப் பயம் பிடித்துக்கொண்டது. முன்பக்கமாகப் போனால் மானம் போகும், பின்பக்கமாக இறங்கிக் கூட்டத்தோடு கலந்துவிடலாம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் நுழைந்தார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கீழே வந்தால் இரட்டைக் கதவு அசையவில்லை. மறுபடி நாலு மாடி ஏறினால் எந்தக் கதவிலும் கைப்பிடி இல்லை. கைபேசியோ மேசைமேல்.

காவலரைத் தீயணைப்பு அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். அவர் நிர்வாக மேலாளரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "ஸ்டாஃப் எல்லாம் பின்னாடி வழியா நழுவிடுறாங்கன்னு ரொம்ப நாளாவே சங்கிலி போடச் சொல்லியிருக்காங்க சார். நான் வாசல்ல நிக்கிறப்போவும் யாராவது பார்க்க வந்தாலும் கழட்டிடுவேன். இன்னைக்கு இந்த வழியா யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் சங்கிலியைப் போட்டுட்டுச் சந்துக்குப் போனேன்."

"பெயிண்ட்?" என்று கேட்டாள் வார்டனம்மா.

"யாரையும் வரச் சொல்லலை மேடம்" என்றார் காவலர்.

தீயணைப்பு அதிகாரி சங்கிலியைக் கையோடு எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரே ஒரு ஆள் இருக்கும்வரைக்கும் வெளியேறும் கதவு ஒவ்வொன்றும் சாவியில்லாமல் திறக்க வேண்டும், அதைச் சரிசெய்து தனக்குக் காட்டாமல் கட்டடத்துக்குள் யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். மைதானத்தில் மேலும் கொஞ்ச நேரம் வெயில் காய வேண்டியதாயிற்று. முணுமுணுத்தவர்கள்கூடச் சங்கிலிக் கதை பரவியதும் அடங்கிப்போனார்கள்.

விசில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் எப்போ போய்ப் பார்த்தாலும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும்மா. ஆனா கைப்பிடியில ஏதோ உரசிப் பெயிண்ட் தேஞ்சு இரும்பு பளபளன்னு இருக்கும். இன்னைக்குக் காலையிலகூடத் தள்ளிப் பார்த்தேன், திறந்தது. பெயிண்ட் வேலைன்னு அவர் வரி சேர்த்ததும் சந்தேகம் வந்துது. கையில ஆதாரம் இல்லாம அவர் முன்னாடியே எப்படிச் சொல்ல? வழி மூடியிருந்தா மறிச்சு ஆள் போட்டிருக்கணும். மாடிக்கு மாடி ஒரு ஆளாவது நிறுத்தியிருக்கணும். அது என் தப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க காலின்னு சொல்லியிருந்தா, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவங்க அங்கதான் கிடந்திருப்பாங்க."

உள்ளே போகலாம் என்று அறிவித்ததும் யாரும் உடனே நகரவில்லை. வாசலில் அட்டை தேய்க்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் தயங்கினார்கள். அடுத்தவர் முதலில் போகட்டும் என்று ஒவ்வொருவரும் ஓரம் கட்டினார்கள். கடைசியில் நாத்தனார்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கண்ணாடி இல்லாததால் அட்டையை நேராகப் பிடிக்க முடியாமல் தடவித் தடவி வைத்தார். பச்சை எரிந்தது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் தன் முறை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தேய்த்தார்கள்.

அடுத்த வாரம் நிர்வாக மேலாளர் விடுப்பில் போனார். இடமாற்றம் என்றார்கள் சிலர். அவரைக் கழற்றிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். காவலருக்கு மட்டும் எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. சொன்னதைச் செய்தவனுக்குத் தண்டனை, சொன்னவருக்கு விடுப்பா என்று நாலாம் மாடியில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது. நாத்தனாருக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. 'மாடியில் தங்கிவிட்ட ஒருவர் பின்படிக்கட்டில் சிக்கினார், மாடிப் பொறுப்பாளர் தெரிவித்ததால் மீட்கப்பட்டார்' என்று மட்டும் விசில் எழுதியிருந்தார்.

ஒத்திகை நடந்த அன்று சாயங்காலம் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கியபோது நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார்.

"நெட்டை சொன்னான். காலின்னு சொல்லச் சொன்னானாம், நீ கேக்கலையாம்."

"ஆமா அண்ணி."

"எனக்கு வேலை போயிருந்தா?"

அவள் உண்மையையே சொன்னாள். "போயிருந்தா, காலம் முழுக்க நீங்க என்னைத் திட்டியிருப்பீங்க. திட்டுறதுக்காவது நீங்க இருந்திருப்பீங்க."

நாத்தனார் அவளை ஓரக்கண்ணால் நீண்ட நேரம் பார்த்தார். இவள் சொல்வது நிஜமா, நடிப்பா என்று எடைபோடும் அந்தப் பழைய பார்வை. அப்புறம் கையை நீட்டி, அவள் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த மஞ்சள் மேலங்கியை உருவினார். கழற்ற மறந்து அவள் அதோடேயே பேருந்தில் ஏறிவிட்டிருந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து என் தம்பியை பயமுறுத்தாதே" என்று நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, முதல் ஆளாகப் படியில் இறங்கினார்.